ஆறு பெட்டிகளும் ஒரு தாளும்

சேத்தூரில் என் தம்பி மகன் மூன்று பசு வைத்து சொசைட்டிக்குப் பால் ஊற்றி வந்தான். இந்த வருடம் பால்கோவா போட ஆரம்பித்தான். போன மாதம் லேபிள் மாதிரியோடு வீட்டுக்கு வந்தான். ஆண்டாள் கோவில் கோபுரம், பக்கத்தில் ஒரு பசு, மேலே சிவப்பு எழுத்தில் ‘ஒரிஜினல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா’.

“ஐயாயிரம் லேபிளுக்குச் சிவகாசியில் அட்வான்ஸ் கொடுக்கப் போறேன் பெரியப்பா. எப்படி இருக்கு?”

“நாளைக்குக் கொடு. முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய், ஆறு கடையில் கால் கிலோ பெட்டி ஒவ்வொன்று வாங்கிட்டு வா” என்றேன்.

நான் சலவைப் பவுடர் விற்ற ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். எண்பதுகளில் எங்கள் மேலாளர் ஒரு தாள் போடச் சொல்வார். மேலே போட்டிக் கம்பெனிகளின் பெயர்கள். இடது பக்கம் மூன்று வரி: என்ன வாக்குக் கொடுக்கிறான், என்ன படம் காட்டுகிறான், எந்தக் குரலில் பேசுகிறான். சர்ஃபில் லலிதாஜி என்ற கறாரான குடும்பத் தலைவி, மலிவான பொருள் வேறு, நல்ல பொருள் வேறு என்று கணக்குச் சொல்லுவாள். நிர்மாவில் வெள்ளைக் கவுன் போட்ட சிறுமி சுற்றுவாள், பாட்டு ஓடும், விலையும் மிகக் குறைவு. விற்பது ஒரே துணி சோப்புத் தூள்தான். ஆனால் ஒருத்தி புத்தியோடு பேசினாள், இன்னொருத்தி பாடினாள். பக்கத்தில் பக்கத்தில் எழுதிய பிறகுதான் அது கண்ணில் பட்டது.

மறுநாள் ஆறு பெட்டியும் திண்ணைக்கு வந்தன. காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டோம். ஒரு பெட்டியைப் பார்த்து ‘பழைய கடை, நம்பிக்கையானது’ என்று நான் எழுதினேன். “பெட்டியில் அப்படி இல்லையே பெரியப்பா” என்றான். உண்மைதான். பெட்டியில் உள்ளதை அப்படியே எழுத வேண்டும். நம் அபிப்பிராயத்தை எழுதினால் தாள் கெட்டுப்போகும். அடித்துவிட்டுத் திருத்தினேன்.

எழுதி முடித்ததும், கடை கடையாகப் படிக்காமல் வரி வரியாகப் படிக்கச் சொன்னேன். வாக்கு வரியில் ஐந்து இடத்தில் ‘ஒரிஜினல்’ அல்லது ‘அசல்’. பட வரியில் நான்கு கோபுரம், மூன்று பசு. குரல் வரியில் ஆறு பேருமே ‘நாங்கள்தான்’ என்று உரக்கச் சொல்கிறார்கள். கடைசியில் அவன் லேபிளை ஏழாவதாக எழுதினோம். அவன் முகம் சுருங்கிவிட்டது. அவன் பெட்டியை அந்த வரிசையில் வைத்தால் அவனாலேயே கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு சங்கதியும் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. அந்தப் பெயரைப் போட்டு விற்க, அதற்குரிய பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். இவன் செய்யவில்லை. கிண்டுவதோ சேத்தூரில்.

“அப்போ நான் என்னத்தைச் சொல்லுறது?”

தாளில் யாரும் சொல்லாதது எது என்று தேடினோம். என்றைக்குக் கிண்டியது என்பதை ஒருவரும் முன்பக்கம் சொல்லவில்லை. தேதி எல்லாம் பின்பக்கம் பொடி எழுத்தில். பால்கோவாவுக்குப் புதுசுதானே ருசி! நாலு நாள் போனால் இறுகி, சர்க்கரை நறநறக்கும். “காலையில் கறந்த பால், அன்றைக்கே கிண்டியது என்று போட்டுடலாம்” என்று துள்ளினான்.

காலிக் கட்டத்தைப் பார்த்தவுடன் துள்ளக் கூடாது. யாருக்கும் தோன்றாமல் காலியாக இருக்கலாம். யோசித்துப் பார்த்துக் கட்டுப்படியாகாது என்று விட்டதாகவும் இருக்கலாம். பெரிய கடைக்காரர் வெளியூருக்கு அனுப்ப வேண்டும். தேதியை முன்னால் போட்டால் மறுநாளே சரக்கு பழசு ஆகிவிடும்.

“விக்காமல் மிஞ்சினதை மறுநாள் என்ன செய்வே?” என்று கேட்டேன். பதில் இல்லை. அவன் தினமும் இருபது லிட்டர் காய்ச்சிக்கொண்டிருந்தான். பத்து லிட்டர் பாலுக்கு ஒன்றேகால் கிலோ சர்க்கரை போட்டால் மூன்று, மூன்றரை கிலோ வரும். இருபது லிட்டருக்குக் கால் கிலோ பெட்டி இருபத்து நான்கு முதல் இருபத்தெட்டு வரை. சேத்தூரில் ஒரு நாளில் போவது பன்னிரண்டு, பதின்மூன்றுதான் என்று அவனே சொன்னான். அந்த வாக்கைக் கொடுத்தால் பாதிக் கிண்டலை விட வேண்டும். வாக்கு அச்சடிக்கக் காசு கொஞ்சம்தான். காப்பாற்றத்தான் செலவு. தாளில் அந்தச் செலவுக்குக் கட்டம் கிடையாது.

இரண்டு நாள் கழித்து போன் செய்தான். பத்து லிட்டர்தான் கிண்டுகிறானாம். மீதியைப் பழையபடி சொசைட்டிக்கு ஊற்றுகிறானாம். ஐயாயிரத்துக்குப் பதில் ஐநூறு லேபிள். கோபுரம் இல்லை. ‘சேத்தூர் பால்கோவா, இன்று கிண்டியது’ என்று அச்சடித்து, தேதிக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறான். அதைத் தினமும் அவன் சம்சாரம் பேனாவால் எழுதுகிறாள்.

நேற்று ஒரு பெட்டி கொண்டுவந்தான். முதலில் தேதியைப் பார்த்தேன். நேற்றைய தேதிதான்.