கோட்டுக்கு வெளியே ஒரு புள்ளி

நைட் டியூட்டி முடிஞ்சு வந்தா, அக்கா பொண்ணு கிராஃப் ஷீட்டோட உட்கார்ந்திருக்கா. "மாமா, ஸ்கேல் வச்சா ஒரு புள்ளி மட்டும் சேரல."

கணக்கு y = 3 − 2x. x-க்கு −2, −1, 0, 1, 2 போட்டிருந்தா. y-க்கு அவ எழுதினது −1, 5, 3, 1, −1.

நீங்களே பாருங்க. 5, 3, 1, −1: ஒவ்வொரு படிக்கும் 2 குறையுது. அப்போ 5-க்கு முன்னாடி 7 தானே வரணும்?

இதைச் சொன்னதும் ரப்பரை எடுத்து, புள்ளியை 7-க்கு நகர்த்தப் போனா. தடுத்தேன். "முதல்ல எங்க தப்புன்னு கண்டுபிடி."

மறுபடி போட்டா. 3 − 2(−2). உள்ளே இருந்த மைனஸை விட்டுட்டு 3 − 4-னு போட்டிருக்கா. சரியா போட்டா 3 + 4, அதாவது 7.

ரெண்டே புள்ளி போட்டிருந்தா இந்தத் தப்பு தெரிஞ்சிருக்காது. எந்த ரெண்டு புள்ளியையும் ஒரு கோடு சேர்த்துடும். மூணாவது புள்ளிதான் சாட்சி.

வார்டுல காய்ச்சல் சார்ட்லயும் ஒரு புள்ளி இப்படித் துள்ளும். அங்கேயும் அழிக்கக் கூடாது, திரும்ப அளக்கணும். ஒரு வித்தியாசம்: நோயாளிக்குச் சமன்பாடு கிடையாது. அந்தப் புள்ளி நிஜமாவும் இருக்கலாம்.