பிள்ளைங்க குழுவுக்குப் பெயர் வைத்த கதை

போன வெள்ளிக்கிழமை பூசை முடிந்து பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தோம். படிவம் நான்கு படிக்கிற நம்ம கோயில் பிள்ளைங்க மூணு பேர் வந்தாங்க. பள்ளி அறிவியல் திட்டத்துக்குக் கூரை மழைநீரைத் தோங்கில் பிடிக்கப் போறாங்களாம். “குழுவுக்கு ஒரு பெயரும், கீழே போட ஒரு வரியும் வேணும் அங்கிள்”னு கேட்டாங்க.

அவங்க யோசித்து வைத்திருந்த பெயர் ‘பொய்யாத விநாயகர்’. ஜாலான் துக்காங் எமாஸில் 1781-இல் மலாக்கா செட்டிகள் கட்டிய கோயிலின் பெயர் அது. நல்ல பெயர்தான். ஆனால் இதைச் சட்டையில் அடிப்பாங்க, அட்டையில் ஒட்டுவாங்க, போட்டி முடிந்ததும் அந்த அட்டை குப்பைக்குத்தான் போகும். சாமி பெயர் அங்கே போகக்கூடாதுன்னு சொன்னோம். பிள்ளைங்க ஒத்துக்கிட்டாங்க.

அப்போ ‘பொய்யா மழை’ன்னு வைக்கலாமான்னு ஒரு பிள்ளை கேட்டது. 1991-இல் டுரியான் துங்கால் அணை வற்றி, மலாக்காவில் வாளியோடு வரிசையில் நின்ற ஆளுங்க நாங்க. மழை பொய்த்ததைக் கண்ணால பார்த்திருக்கோம். மழை பெய்தால்தான் இவங்க தோங்கு நிறையும். திட்டம் செய்யாததைப் பெயர் சொல்லக்கூடாது.

அடுத்து ‘துளி’. சின்னதா, அழகா இருந்துச்சு. ஆனால் நீதிபதிகளில் மலாய்க்காரரும் சீனரும் இருப்பாங்க, ஆங்கில எழுத்தில்தான் படிப்பாங்க. பக்கத்துத் தாமான் மலாய் நண்பர்கிட்ட போனில் சொல்லிப் பார்த்தோம். சிரித்துவிட்டார். மலாயில் ‘துலி’ என்றால் செவிடு! கடைசியில் ‘சொட்டு’ன்னு முடிவாச்சு. அதையும் அவரிடம் கேட்டோம். தப்பா ஒன்றும் தெரியலைன்னார்.

இனி அந்த ஒரு வரி. “பெய்யும்போது பிடி, காயும்போது குடி”ன்னு பிள்ளைங்க எழுதினாங்க. காதுக்கு இனிமைதான். பூ கட்டிக்கொண்டிருந்த ஆண்ட்டிதான் முதலில் சொன்னாங்க, “கோயில் பிள்ளைங்க சட்டையில ‘குடி’யா? ஊர் என்னன்னு படிக்கும்?” அதைவிடப் பெரிய தப்பு இன்னொன்று. ஜிங்க் கூரையில் பறவை எச்சமும் தூசியும் இருக்கும். அந்தத் தண்ணி அப்படியே குடிக்கக் கூடியது இல்லை. செடிக்கு ஊற்றலாம், தரை கழுவலாம். ஒரு வரி அழகுக்காகப் பொய் சொன்னால், நீதிபதி முதல் கேள்வியே அதிலேதான் கேட்பார்.

ஒரே ஒரு சொல்லை மாற்றினோம்: “பெய்யும்போது பிடி, காயும்போது எடு.” திட்டம் செய்வது அவ்வளவுதான், வரி சொல்வதும் அவ்வளவுதான்.

இந்த வாரம் கோயில் பின்கட்டுக் கூரைக்கடியில் முதல் தோங்கை வைக்கிறாங்க. கூரையின் ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். நிறைந்ததும் பூச்செடிக்கு ஊற்ற வாங்க. தோங்கில் ‘சொட்டு’ன்னு எழுதியிருக்கும்.