வாப்பாவின் பவுண் கணக்கு

எங்கட வாப்பா லண்டனில் ஒரு ஆஸ்பத்திரிக் குசினியில் 25 வருஷம் வேலை செய்துவிட்டு ஊர் வந்தவர். 2019 இலிருந்து பிரித்தானிய அரசு ஓய்வூதியம் எடுக்கிறார். வாரம் 120 பவுண், நாலு வாரத்துக்கு ஒருமுறை 480 பவுண் வரும்.

2022 டிசம்பரில் பேங்க் ஒரு பவுணை 430 ரூபா அளவில் வாங்கியது. கைக்கு இரண்டு லட்சத்து ஆறாயிரம். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. பின்கட்டுக்கு மேல்மாடி போட லோன் எடுத்தோம். மாதத் தவணை முப்பதாயிரம்.

ஆறு மாதத்தில் ரூபா பலமானது. பவுண் 360க்கு இறங்கியது. அதே 480 பவுணுக்கு 1,72,800 தான் வந்தது. 33,600 ரூபா காணாமல் போயிற்று. பவுண் இறங்கியதற்காகக் கரண்ட் பில்லோ மருந்து விலையோ இறங்கவில்லை.

வாப்பா எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் உம்மா பார்த்தா, மாதக் கடைசியிலும் அவருடைய பிரஷர் குளிசைக் கார்டில் பாதி மிச்சம் இருக்கிறது. இரண்டு நாளைக்கு ஒன்றாகப் போட்டிருக்கிறார். "தவணை கட்டணுமே மகள்" என்றார். அன்றைக்கு ராவு எங்கள் வீட்டில் ஒருத்தரும் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். இப்போது இப்படித்தான் செய்கிறோம்.

பேங்க் என்ன விலை போட்டாலும், எங்கள் கணக்கில் ஒரு பவுண் 330 ரூபா. அதாவது வீட்டுச் செலவு 1,58,400க்குள். காசை வெளிநாட்டு நாணயக் கணக்கில் பவுணாகவே வைத்திருக்கிறோம். தேவையானதை மட்டும் மாற்றுகிறோம். விலை 360 என்றால் 440 பவுண் மாற்றினால் போதும், 40 பவுண் கணக்கில் நிற்கும். விலை 300க்கு இறங்கினால் 528 பவுண் வேணும். குறையும் 48ஐ அந்தச் சேமிப்பிலிருந்து எடுப்போம்.

இன்னொன்று, நாலு வாரத்துக்கு ஒருமுறை என்றால் வருஷத்துக்கு 13 தடவை. பன்னிரண்டு மாதச் செலவுக்கு, பதின்மூன்றாவது வாப்பா உம்மாவின் மருந்துக்கும் டெஸ்டுக்கும் மட்டும். அதில் யாரும் கை வைப்பதில்லை.

விலை பார்க்கும்போது பேங்க் "வாங்கும்" விலையை, அதிலும் கணக்குக்கு வரும் பணத்துக்கான விலையைப் பாருங்கள். விற்கும் விலையைப் பார்த்துத்தான் நாங்கள் முதலில் ஏமாந்தோம்.

இதில் ஒரு குறையும் உண்டு. லண்டனில் இருக்கும் வாப்பாவின் கூட்டாளிக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் ஓய்வூதியம் கூடுகிறது. இலங்கையில் இருந்து எடுப்பவருக்குக் கூடாது. தொடங்கிய தொகையிலேயே நிற்கும். இங்கே சாமான் விலையோ வருஷா வருஷம் ஏறும். அதனால் இந்தக் காசை நம்பி இனி லோன் இல்லை என்று முடிவெடுத்தோம். பழைய தவணையை இப்போது எங்கள் சம்பளத்தில் கட்டுகிறோம்.

வெளிநாட்டு ஓய்வூதியம் வரும் வாப்பாமார் நம்மூரில் இன்னும் இருக்கிறார்கள். பவுண் விலையைக் கேட்பதற்கு முதல், அவர்களின் குளிசைக் கார்டை ஒருக்கா எண்ணிப் பாருங்கள்.