பத்தாம் பக்கத்துக்குள் ஒரு கேள்வி

லாஸ் ஏஞ்சல்ஸில் மூன்றாவது தெருவும் ஃபேர்ஃபாக்ஸ் அவென்யூவும் சந்திக்கும் இடத்தில் மேற்கு அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. சங்கத்தின் அறக்கட்டளை நடத்தும் நூலகமும் அதற்குள்தான். படமாகி வெளிவந்த ஆயிரக்கணக்கான திரைக்கதைகளை அங்கேயே உட்கார்ந்து படிக்கலாம். திரைக்கதைப் போட்டிகளுக்கு ரீடராக வேலை பார்க்கும் ஒரு பெண்மணியை அங்கே சந்தித்தேன். போட்டிக்கு வரும் பிரதிகளை முதல் சுற்றில் படித்து, மதிப்பெண் போட்டு, சில வரிகளில் காரணமும் எழுதித் தருவது அவர் தொழில். பெயர் வெளியே தெரிந்தால் எழுத்தாளர்கள் தேடி வந்துவிடுவார்கள் என்பதால் பெயர் போட வேண்டாம் என்றார்.

அவர் முன்னால் இருந்தது ஒரே திரைக்கதையின் இரண்டு வடிவங்கள். எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பகலில் வேறு வேலை பார்த்து, இரவில் எழுதுகிற இளைஞர். முதல் வடிவம் ஒரு போட்டியில் முதல் சுற்றோடு நின்றுவிட்டது. திருத்திய முதல் பத்துப் பக்கங்களை எடுத்துக்கொண்டு அவரிடம் காட்ட வந்திருந்தார்.

திரைக்கதைப் போட்டிகளின் உலகத்தில் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் நிக்கோல். ஆஸ்கார் விருதுகளை வழங்கும் அகாடமி 1986 முதல் நடத்தும் உதவித்தொகைப் போட்டி அது. 2024 வரை ஆயிரக்கணக்கான திரைக்கதைகள் நேரடியாக வந்தன. ஆண்டுக்கு அதிகபட்சம் ஐந்து பேருக்கு, ஆளுக்கு 35,000 டாலர் கிடைக்கும். படிப்பவருக்கு எழுதியவர் யாரென்று தெரியாது. சிபாரிசு செய்ய ஆள் இல்லாத இடத்தில் பக்கம்தான் பேச வேண்டும்.

ரீடர் பிரதியைக் கையில் எடுத்ததும் கதையைப் படிக்கவில்லை. பக்கத்தைச் சற்றுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். அமெரிக்கத் திரைக்கதையின் வடிவம் தட்டச்சுக் காலத்தில் உறைந்துபோன ஒன்று. எழுத்து கூரியர், அளவு 12. தாள் லெட்டர் அளவு, அதாவது எட்டரைக்குப் பதினொன்று அங்குலம். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் விட வேண்டும். அந்தக் காலத்தில் துளை போட்டுப் பித்தளை ஊசி மாட்ட விட்ட இடம் அது. மற்ற மூன்று பக்கமும் ஏறக்குறைய ஓர் அங்குலம். வசனம் தாளின் இடது ஓரத்திலிருந்து இரண்டரை அங்குலத்தில் தொடங்கும். பேசுபவரின் பெயர் அதற்கும் உள்ளே தள்ளி, பெரிய எழுத்தில் நிற்கும்.

கூரியரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஓர் அங்குலத்தில் பத்து எழுத்து, மேலிருந்து கீழாக ஆறு வரி. அதனால் ஒரு பக்கத்தில் சுமார் 54 வரிகள்தான் அடங்கும். இப்படி அடித்த ஒரு பக்கம் திரையில் ஏறக்குறைய ஒரு நிமிடம் ஓடும் என்பது தொழிலில் புழங்கும் கணக்கு. வடிவ விதி வெறும் சடங்கில்லை என்று ரீடர் சொல்வது இதனால்தான். பத்தாம் பக்கத்தைப் புரட்டும்போது, தியேட்டரில் பத்து நிமிடம் ஓடியிருக்கும் என்று அவர் கணக்கு வைத்துப் படிக்கிறார். எழுத்தையோ ஓரத்தையோ மாற்றினால் அந்தக் கடிகாரம் பழுதாகிவிடும்.

ஏமாற்றுவது எளிது, கண்டுபிடிப்பது அதைவிட எளிது. வசனப் பத்தியில் ஒரு வரிக்கு முப்பத்தைந்து எழுத்து போல வர வேண்டும். ஐம்பது இருந்தால் ஓரத்தை நெருக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு தவறு தெரியாமல் நடப்பது. இந்தியா, பிரிட்டன் போன்ற நாடுகளிலிருந்து எழுதுபவர்களின் கணினி ஏ4 தாளில் நிற்கும். ஏ4 லெட்டரைவிடச் சுமார் 0.7 அங்குலம் உயரம் அதிகம். பக்கத்துக்கு நான்கு வரி கூடுதலாக ஏறும். பத்துப் பக்கத்தில் நாற்பது வரி, கிட்டத்தட்ட முக்கால் பக்கம். எழுதியவர் பத்தாம் பக்கத்தில் வைத்ததாக நினைத்த திருப்பம், சரியான தாளில் பதினொன்றுக்குப் போய்விடும். பிரதியை அனுப்பும் முன் தாள் அளவைப் பார்த்துக்கொள்வது அரை நிமிட வேலை.

இனி கதை. இளைஞரின் நாயகி நீதிமன்றச் சுருக்கெழுத்தர். பெயர் மார்கரெட், வயது 64. ஓய்வுபெறும் நாளில், தான் என்றோ பதிவு செய்த ஒரு சாட்சியத்தின் தட்டச்சுப் பிரதியில் யாரோ கை வைத்திருப்பதைக் கண்டுபிடிக்கிறார். ஒரே மூச்சில் சொல்லிவிடக்கூடிய, நல்ல கரு.

முதல் வடிவத்தில் அந்தக் கண்டுபிடிப்பு பதினான்காம் பக்கத்தில் இருந்தது. அதற்கு முன்னால் என்ன? அலாரம் அடிக்கிறது, மார்கரெட் எழுகிறார், காபி போடுகிறார், நாயோடு நடக்கிறார். மூன்றாம் பக்கம் வரை யாரும் பேசவில்லை. பிறகு பிரிவுபசார விழா. ஐந்தரைப் பக்கத்துக்கு ஆளாளுக்கு எழுந்து மார்கரெட் எவ்வளவு கறாரானவர் என்று பேசுகிறார்கள். பிறகு காரில் மகளோடு தொலைபேசி. அதில் கணவர் இறந்தது, வீட்டுக் கடன், மகளோடு பழைய மனத்தாங்கல் எல்லாம் வரிசையாக வந்துவிடுகின்றன.

“இதில் ஒரு தப்பான வரிகூட இல்லை. ஆனால் எட்டாம் பக்கத்தில் நான் எதற்காகக் காத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை” என்றார் ரீடர்.

அவர் ஓரத்தில் குறிப்பு எழுதும் முறையைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் கீழேயும், அந்தப் பக்கம் முடிகிறபோது மனதில் நிற்கும் கேள்வியை எழுதுகிறார். கேள்வி இல்லையென்றால் ஒரு சிறு கோடு. பழைய வடிவத்தில் ஒன்றிலிருந்து ஏழு வரை ஏழு கோடுகள். எட்டில் “மகள் ஏன் கோபமாக இருக்கிறாள்?” என்று எழுதியிருந்தார். அந்தக் கேள்விக்கும் அதே பக்கத்திலேயே பதில் வந்துவிட்டதால் அதை அடித்திருந்தார்.

புதிய வடிவம் நீதிமன்றத்துக்குள் தொடங்குகிறது. திரைக்கதையைச் சாதாரண எழுத்துக் கோப்பாக அடிக்கும் ஃபவுண்டன் முறையில் இளைஞர் எழுதுகிறார். கோப்பில் அதன் தொடக்கம் இப்படி:

```
INT. COURTROOM - DAY

MARGARET (64) types without looking down.

The WITNESS mumbles. Her hands stop.

MARGARET
Please repeat the answer.
```

முதல் வரி சீன் தலைப்பு: உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா. மூன்றும் அந்த ஒழுங்கில் வர வேண்டும். நடவடிக்கை வரிகள் நிகழ்காலத்தில், திரையில் தெரிவதையும் கேட்பதையும் மட்டும் சொல்கின்றன. கேமரா எங்கே நிற்கிறது என்ற குறிப்பு கிடையாது. அது இயக்குநரின் வேலை. சீனுக்கு எண்ணும் கிடையாது. அது படப்பிடிப்புப் பிரதிக்கு உரியது. எண் போட்ட பிரதியைப் பார்த்தால், இணையத்தில் கிடைத்த படப்பிடிப்புப் பிரதியைப் பார்த்து வடிவம் பழகியவர் என்று ரீடருக்குப் புரிந்துவிடும்.

விழாவில் ஐந்தரைப் பக்கம் பேசியும் நிலைநாட்ட முடியாத கறார்த்தனம் இங்கே சில வரிகளில் வந்துவிட்டது. நீதிபதியும் இரண்டு வக்கீல்களும் இருக்கும் அறையில், குறுக்கிட்டு நிறுத்துகிற துணிச்சல் சுருக்கெழுத்தருக்கு இருக்கிறது. ஒரு சொல்லும் தவறக்கூடாது என்பது அவர் குணம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் பக்கத்தில் விழா, அரைப் பக்கம் மட்டும்: நடைபாதையில் கேக் வெட்டுகிறார்கள், அவருடைய பழைய நீதிபதி வந்து கை குலுக்குகிறார். நான்காம் பக்கத்தில் ஓர் இளம் வக்கீல் மேல்முறையீட்டுக்காகப் பழைய பிரதி ஒன்றில் அவருடைய சான்றுக் கையெழுத்தைக் கேட்கிறார். நாளைக் காலை ஒன்பது மணிக்குள் வேண்டும். ஆறாம் பக்கத்தில் மார்கரெட் அதைப் புரட்டுகிறார். அமெரிக்க நீதிமன்றப் பிரதிகளில் பெரும்பாலும் பக்கத்துக்கு 25 வரி, வரிக்கு எண்ணும் உண்டு. ஒரு பக்கத்தில் 24 வரிதான் இருக்கிறது. அந்த வழக்கை நடத்தியவர் சற்றுமுன் கை குலுக்கிய நீதிபதி. எட்டாம் பக்கத்தில் தன் மூலக் குறிப்புகளைத் தேடி வீட்டு கராஜுக்குப் போகிறார். ஆண்டுவாரியாக அடுக்கிய பெட்டிகள். பத்தாம் பக்கத்தின் கடைசி வரிகளில் அந்த வழக்கின் பெட்டியைத் திறக்கிறார், காலியாக இருக்கிறது.

ரீடரின் ஓரக் குறிப்புகள் இப்போது வேறு மாதிரி. நான்கில் “கையெழுத்துப் போடுவாரா?”, ஆறில் “அந்த வரியில் என்ன இருந்தது?”, பத்தில் “வீட்டுக்குள் வந்து எடுத்தது யார்?” ஒரு கேள்வி அடங்கும் முன் அடுத்தது எழுகிறது. கணவரும் கடனும் பத்துப் பக்கத்தில் எங்கும் இல்லை. மகள் மட்டும், கராஜுக்கு ஒரு சாவி வைத்திருப்பவளாக ஒரு வரியில் வருகிறாள். முதல் வடிவத்தில் தகவலாக இருந்தவள் இதில் சந்தேகத்துக்கு உரியவளாகிவிட்டாள்.

இளைஞருக்கு ஒரு மறுப்பு இருந்தது. ‘தி சோஷியல் நெட்வொர்க்’ ஒரு மதுக்கடை மேசையில் இருவர் பேசுவதோடுதானே தொடங்குகிறது. ஒன்பது பக்கம் அளவுக்கு வெறும் பேச்சுதானே? ரீடர் அலமாரியைக் காட்டி, அதையும் இதே முறையில் கேள்வி எழுதிப் படித்துப் பார்க்கச் சொன்னார். அந்தப் பேச்சில் ஒரு காதல் முறிகிறது. நாயகன் ஒரு கிளப்பில் இடம் வேண்டும் என்கிறான், அதைச் சொல்லும் விதத்திலேயே எதிரில் இருப்பவளை இழக்கிறான், எழுந்துபோய் அந்தக் கோபத்தில் செய்யும் காரியம்தான் கதையைத் தள்ளுகிறது. அதே சமயம், அது ஏற்கெனவே பெயர் பெற்ற ஆரன் சோர்கின் எழுதியது. 160 பக்கத்துக்கு மேல் நீளம். பெயர் மறைத்து வரும் பிரதிக்கு அந்தச் சலுகை கிடைக்காது என்றும் சேர்த்துச் சொன்னார்.

அவர் காட்ட விரும்பிய உதாரணம் வேறு. எரன் க்ரூகரின் ‘ஆர்லிங்டன் ரோடு’ 1996இல் நிக்கோல் வென்ற திரைக்கதை. 1999இல் படமாக வந்தது. படம் தொடங்கும்போது அமைதியான குடியிருப்புத் தெருவில் ஒரு சிறுவன் ரத்தம் சொட்டத் தள்ளாடி நடந்து வருகிறான். காரில் வரும் பேராசிரியர் அவனை அள்ளிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறார். பையன் எதிர்வீட்டுப் பிள்ளை என்பது பிறகுதான் அவருக்குத் தெரிகிறது. அதுவரை அந்தக் குடும்பத்தோடு பழகியதே இல்லை. நாயகனின் நல்ல மனம், இரு வீட்டுக்கும் உறவு ஏற்படும் காரணம், ‘இவர்கள் யார்?’ என்ற கேள்வி, மூன்றும் ஒரே சம்பவத்தில் பிறக்கின்றன. அந்தக் கேள்வியை விடாமல் துரத்துவதுதான் மீதிப் படம்.

மீதிக் கதை துரத்தாத கேள்வியை முன்னால் வைப்பதுதான் அவர் அதிகம் பார்க்கும் குறை. முதல் பக்கத்தில் ஒரு கொலை, அடுத்த பக்கத்தில் “மூன்று வாரம் முன்பு” என்று போட்டுவிட்டு, பழைய அலாரமும் காபியும் திரும்பி வந்துவிடும். கொலையை எடுத்துவிட்டுப் படித்தாலும் அடுத்த ஒன்பது பக்கங்கள் அப்படியே நிற்கும் என்றால், அது ஒட்டவைத்த தொடக்கம் என்கிறார்.

இளைஞரின் பிரதியிலும் அவர் இரண்டு இடத்தில் வட்டம் போட்டார். ஆறாம் பக்கத்தில் வரி குறைவதை மார்கரெட் “உணர்கிறார்” என்று இருந்தது. உணர்வதைக் கேமரா எப்படிப் பிடிக்கும்? விரல் வரி எண்களில் மேலிருந்து கீழாக ஓடி 24இல் நின்று, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது என்று இளைஞர் அங்கேயே மாற்றி எழுதினார். இரண்டாவது வட்டம் வக்கீல் பேசும் ஒன்பது வரி வசனத்தின் மேல். வழக்கின் முழுக் கதையையும் அவர் அங்கே சொல்லிவிடுகிறார். கையெழுத்து, நாளை, ஒன்பது மணி, இந்த மூன்று தவிர மற்றதை 15ஆம் பக்கத்துக்குத் தள்ளச் சொன்னார் ரீடர். அப்படித் தள்ளினால் கராஜ் காட்சிக்கு ஆறு வரி இடம் மிச்சமாகும். மகளின் சாவியைப் பேச்சில் சொல்லாமல் ஆணியில் தொங்குவதாகக் காட்ட அது போதும்.