பச்சையில் இருந்த 17

ஒரு கால்பந்து அணியில் மூன்று வருடங்கள் வேலை பார்த்தேன். பந்தைத் தொடாத வேலை. காலை ஐந்தரைக்கு மைதானத்துக்குப் போய், 24 ஜிபிஎஸ் கருவிகளை ஆன் செய்து புல்லின் மேல் வரிசையாக வைக்க வேண்டும். ஒவ்வொன்றும் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். மேலே மறைப்பில்லாத வானம் இருந்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் செயற்கைக்கோள்களைப் பிடித்துவிடும். பிறகு பசங்க வருவார்கள். உடம்பை ஒட்டின கையில்லாத கறுப்பு பனியன் ஒன்று. அதன் முதுகில், இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் ஒரு சின்னப் பை. கருவியை அதில் சொருகிவிட வேண்டும். கம்பெனிக்காரர்கள் அதை வெஸ்ட் என்பார்கள். எங்கள் பசங்க யாரும் அப்படிச் சொன்னதில்லை. "அண்ணா, என் பாடி எங்க?" என்றுதான் கேட்பார்கள்.

ஒரே ஆள் மேல் இரண்டு கருவியை மாட்டி ஓடவிட்டால் இரண்டும் ஒரே தூரத்தைக் காட்டாது. அதனால் ஒருவனுக்கு ஒரு கருவி என்று எண் போட்டு, சீசன் முழுக்க அதையே தருவது வழக்கம். எனக்கு அவர்கள் பெயரைவிட எண்தான் முதலில் பழகியது. இது 17ஐப் பற்றிய கதை. வியாசர்பாடிப் பையன், வலது விங்கர், எங்கள் அணியிலேயே வேகமானவன். சீசன் தொடங்கும் முன் எடுத்த சோதனையில் மணிக்கு 32.4 கிலோமீட்டர் ஓடினான்.

கருவி ஒரு வினாடிக்கு பத்துத் தடவை அவன் இடத்தையும் வேகத்தையும் குறித்துக்கொள்ளும். பயிற்சி முடிந்ததும் அதை டாக்கில் செருகினால் எண்கள் கணினிக்கு வந்துவிடும். எல்லாரும் முதலில் பார்ப்பது மொத்த தூரம். ஒரு முழு ஆட்டத்தில் ஒரு வீரர் 10 முதல் 12 கிலோமீட்டர் வரை ஓடுவார். அதில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமும்தான். அதிவேக ஓட்டத்தைத் தனியாக எண்ணுவார்கள். மணிக்கு 25.2 கிலோமீட்டரைத் தாண்டினால் ஸ்ப்ரிண்ட் என்பது கால்பந்தில் பரவலாக இருக்கும் கணக்கு. அந்தக் கோட்டுக்கு மேலே ஒரு விங்கர் ஓடுவது ஓர் ஆட்டத்துக்குச் சுமார் 200 மீட்டர்தான் இருக்கும். 10 கிலோமீட்டரில் 200 மீட்டர். இந்தச் சின்ன எண்ணில்தான் எல்லாமே இருக்கிறது என்று எனக்கு அப்போது புரியவில்லை.

எங்கள் கோச் மொத்த தூரத்தை நம்பினார். தினமும் அந்தப் பட்டியலை அச்சிட்டு உடைமாற்றும் அறையில் ஒட்டச் சொன்னார். அதிகம் ஓடியவன் மேலே, குறைவாக ஓடியவன் கீழே. அவர் யாரையும் திட்டவே வேண்டியதில்லை, பட்டியலே பார்த்துக்கொள்ளும். ஒட்டியவன் நான்.

இன்னொன்றையும் நான் செய்தேன். ஓர் எக்செல் தாள். டிம் கேபெட் என்ற ஆஸ்திரேலிய விளையாட்டு அறிவியலாளர் 2016இல் எழுதிய ஒரு கட்டுரை எங்கள் துறையில் வேதம் மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது. கடைசி 7 நாள் உழைப்பை, கடைசி 4 வாரத்தின் வாரச் சராசரியால் வகுக்க வேண்டும். விடை 0.8க்கும் 1.3க்கும் நடுவில் இருந்தால் நல்லது, 1.5ஐத் தாண்டினால் காய ஆபத்து கூடுகிறது. அதை அப்படியே என் தாளில் போட்டேன். நடுவில் இருந்தால் பச்சை, 1.5க்கு மேல் சிவப்பு. உழைப்பு என்ற இடத்தில் மொத்த தூரத்தைக் கொடுத்தேன். கோச்சுக்குப் பிடித்த எண் அதுதானே.

அந்த சீசனின் நடுவில் 17 பெஞ்சுக்குப் போனான். மூன்று வாரம். ஆட்டத்தில் இறங்கினால் எட்டு நிமிடம், இல்லையென்றால் அதுவும் இல்லை. அந்த நாட்களில் அவன் பயிற்சி முடிந்த பிறகும் மைதானத்தைச் சுற்றி மெதுவாக ஓடிக்கொண்டிருப்பான். நான் கருவிகளைச் சேகரித்துக்கொண்டு நிற்பேன்.

"போதும்டா, கழட்டிக் குடு."

"இன்னும் ரெண்டு ரவுண்டுண்ணா. லிஸ்ட்ல கட்சில வந்தா இன்னா நெனைப்பாரு அவுரு?"

சிரித்துக்கொண்டே விட்டுவிட்டேன். அவன் வாரக் கணக்கு 22, 22, 23 கிலோமீட்டர் என்று வந்தது. பெஞ்சில் இருப்பவனுக்கு அருமையான எண். என் தாளில் பச்சை.

நாலாவது வாரம் வழக்கமான விங்கருக்கு மஞ்சள் அட்டைகள் சேர்ந்து தடை வந்தது. புதன் ஆட்டத்தில் 17 முழு 90 நிமிடம் ஆடினான். நன்றாகவே ஆடினான். ஞாயிறும் அவனே. 70ஆவது நிமிடம், நீளமான பந்து ஒன்று அவன் பக்கக் கோட்டை ஒட்டி வந்தது. நாலைந்து எட்டு முழு வேகத்தில் போனவன், யாரோ பின்னாலிருந்து அடித்தது போலத் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஹாம்ஸ்ட்ரிங்.

அன்று இரவு தாளைத் திறந்தேன். அந்த வாரம் 28 கிலோமீட்டர். நாலு வாரச் சராசரி 23.75. வகுத்தால் 1.18. பச்சை. தம்பி பச்சையில் இருந்துகொண்டே கிழித்துக்கொண்டான்.

பிறகு ஸ்ப்ரிண்ட் மீட்டரை எடுத்து, அதே கணக்கைப் போட்டேன். பெஞ்சில் இருந்த மூன்று வாரமும் 90, 70, 80 மீட்டர். அந்த வாரம் மட்டும் புதன் 210, ஞாயிறு 180, பயிற்சியில் 50, மொத்தம் 440. நாலு வாரச் சராசரி 170. விகிதம் 2.6. இதிலும் ஒரு கோளாறு உண்டு. அந்த 440 சராசரிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டு விகிதத்தைக் குறைத்துக் காட்டுகிறது. இப்படிக் கணக்கிட்டால், முந்தைய மூன்று வாரமும் படுத்தே கிடந்தவனுக்குக்கூட விடை 4ஐத் தாண்டாது. முந்தைய மூன்று வாரத்தோடு மட்டும் ஒப்பிட்டால் சராசரி 80. அதைப்போல ஐந்தரை மடங்கை ஒரே வாரத்தில் அவன் காலில் ஏற்றியிருந்தோம்.

அவன் தினமும் பயிற்சிக்கு வந்துகொண்டுதானே இருந்தான், பிறகு ஸ்ப்ரிண்ட் ஏன் இவ்வளவு குறைவு? எங்கள் பயிற்சியில் பாதி, சின்னக் கட்டத்துக்குள் ஐந்துக்கு ஐந்து ஆடும் ஆட்டம். மூச்சு வாங்கும், வேர்த்துக் கொட்டும், கிலோமீட்டரும் ஏறும். ஆனால் ஒருவன் முழு வேகத்தைத் தொட முப்பது நாற்பது மீட்டர் திறந்த இடம் வேண்டும். அந்தக் கட்டத்தின் நீளமே அவ்வளவுதான், அதற்குள் திரும்பிவிடுவான். அந்த மூன்று வாரத்தில் 17 தொட்ட அதிகபட்ச வேகம் 26. அவனுடைய 32.4இல் 80 சதவீதம்.

ஓடும்போது கால் முன்னே வீசப்பட்டு, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியைப் பிடித்து நிறுத்துவது தொடையின் பின்தசைதான். நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டும். வேகம் ஏற ஏற அந்த பிரேக்கின் சுமை மிக வேகமாக ஏறும். மெல்லோட்டத்தில் எத்தனை கிலோமீட்டர் சேர்த்தாலும் இந்த வேலைக்கு அந்தத் தசை பழகாது. அயர்லாந்தின் கேலிக் கால்பந்து வீரர்களை வைத்து 2017இல் வந்த ஓர் ஆய்வு இதையொட்டியதுதான்: அவ்வப்போது தன் உச்ச வேகத்தில் 95 சதவீதத்தைத் தொட்டவர்களுக்குக் காயம் குறைவாக இருந்தது. கேபெட்டின் கட்டுரையிலும் இது இருக்கிறது. தொடர்ந்து நிறைய உழைத்துப் பழகிய உடம்பு காயத்திலிருந்து காக்கப்படுகிறது என்பதுதான் அவர் சொன்னதில் பாதி. நான் மற்ற பாதியை, அந்த 1.5ஐ, மட்டும் எடுத்துக்கொண்டேன். அதிகமாக உழைப்பவனைப் பிடிக்க வலை விரித்தேன். குறைவாக ஓடியவன் ஓட்டை வழியாகப் போய்விட்டான்.

இதனால்தான் கிழிந்தது என்று நிரூபிக்க முடியாது. 2.6 வந்தும் ஒன்றும் ஆகாதவர்கள் உண்டு, 1.0இல் விழுந்தவர்களும் உண்டு. அந்த விகிதத்தையே 2020 வாக்கில் பல ஆய்வாளர்கள் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். ஒரு தனி ஆளின் காயத்தை எந்த எண்ணும் முன்கூட்டிச் சொல்லாது. ஆனால் புதன்கிழமை காலையில் என்னிடம் 80 சதவீதம் என்ற எண் இருந்தது. அதை கோச்சிடம் சொல்லியிருக்கலாம். புதன் ஆட ஒரு மணி நேரம் போதும், ஞாயிறு யோசிப்போம் என்று ஒரு பேச்சாவது நடந்திருக்கும். என் தாளில் அதற்கு ஒரு கட்டமே இல்லை.

மறுநாள் கோச்சிடம் போய் இரண்டு கணக்கையும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "அப்போ அவன் எக்ஸ்ட்ரா ரவுண்டு ஓடினது?" என்றார். பட்டியலுக்காக ஓடியது சார் என்றேன். ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை சுவரில் பட்டியல் இல்லை.

அதற்குப் பிறகு தாளில் மூன்று கட்டங்கள் வந்தன: வார ஸ்ப்ரிண்ட் மீட்டர், அந்த வாரம் தன் உச்ச வேகத்தில் எத்தனை சதவீதம் தொட்டான், 90 சதவீதத்தைத் தொட்டு எத்தனை நாள் ஆனது. பத்து நாளைத் தாண்டினால் மஞ்சள். ஒருமுறை எங்கள் கோல்கீப்பர் 41 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியதாக வந்தது. மைதான கூரைக்குக் கீழே கருவி வானத்தைத் தொலைத்திருந்தது. அதனால் எந்த உச்ச வேகத்தையும் எழுதும் முன், அந்த நொடியில் எத்தனை செயற்கைக்கோள் இருந்தன என்று பார்ப்பேன்.

இன்னொரு மாற்றம், ஆட்டம் முடிந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் ஓடுவது. திரும்ப உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, 60 மீட்டர் ஆறு தடவை. முதல் பாதி வேகம் பிடிக்க, மீதி முழு வேகம். 25.2க்கு மேலே ஒவ்வொன்றிலும் முப்பது மீட்டருக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கும். பசங்களுக்கு இது பிடிக்காது. ஆடியவர்கள் குளிக்கப் போயிருப்பார்கள், கேலரி காலியாகிக்கொண்டிருக்கும், மிச்சம் இருக்கும் நாலு பேர் கத்துவார்கள்: "மேட்ச் முடிஞ்சிருச்சுப்பா!" புல்லைப் பார்த்துக்கொள்ளும் தாத்தாவும் வாசலில் நின்று முறைப்பார்.

17 ஆறு வாரம் கழித்து அணிக்குத் திரும்பினான். முதல் ஆட்டத்தில் அவனை இறக்கவில்லை. முடிந்ததும், யாரும் சொல்லாமலே பாடியை இழுத்து சரி செய்துகொண்டு கோட்டுக்குப் போனான். ஆறு தடவை ஓடினான். ஏழாவதுக்கு நின்றான்.

"எவ்ளோண்ணா?"

"30.9."

"இன்னொண்ணு போறேண்ணா. 32 வந்துரும்."

கையிலிருந்த டேப்லெட்டில் 164 மீட்டர் என்று இருந்தது. அன்றைக்கு அவனுக்கு நான் எழுதி வைத்திருந்தது 160.

"வேணாம். அடுத்த வாரம் பாத்துக்கலாம். கழட்டிக் குடு."

கொஞ்ச நேரம் கோட்டிலேயே நின்றான். பிறகு வந்து, முதுகை என் பக்கம் திருப்பினான்.