தங்கச்சிகள் இல்லாத பெட்டி

போன மார்ச்சில் எங்க லயத்துக்குப் பின்னால இருந்த தேன்பெட்டியை நான்தான் அழிச்சேன். அப்பா இன்னும் "காலம் சரியில்ல"ன்னுதான் சொல்லிக்கிட்டு இருக்கார்.

யட்டியாந்தோட்டைப் பக்கம் எங்களுடையது றப்பர் தோட்டம். இலையெல்லாம் கொட்டி புதுத்தளிர் வரும் நாட்களில், மூன்று இலைகள் காம்போடு சேரும் இடத்தில் இனிப்பு நீர் சுரக்கும். பூவே தேவையில்லை, தேனீக்கள் தளிரிலேயே குடிக்கும். அப்போது கூட்டம் பெருத்து, ராணி பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு வேறு இடம் போய்விடும். போவதற்கு முன்பே அடையின் கீழ் விளிம்பில் கச்சான் கொட்டை மாதிரி ராணி அறைகள் தொங்கும். பழைய ராணி கிளம்பி ஒரு வாரம் போல ஆனதும் அதிலிருந்து புது ராணி வரும்.

நான் லீவில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெட்டியைத் திறந்தால் ஐந்து ராணி அறைகள். வெட்டிவிட்டால் கூட்டம் பிரியாது என்று எங்கேயோ வாசித்திருந்தேன். ஐந்தையும் வெட்டினேன். கம்பசுக்குத் திரும்பிய பிறகுதான் பக்கத்துக் காம்பரா ஆயா போனில் சொன்னார்: "நீ வாறதுக்கு மொத ஞாயிறே பூச்சியெல்லாம் கெளம்பிப் போயிருச்சே தம்பி."

அதாவது, ராணி போய் ஒரு வாரம். முட்டை மூன்று நாளில் பொரிக்கும். அதற்குப் பிறகு இன்னும் மூன்று நாள் வரைக்கும்தான் அந்தப் புழுவை ராணியாக வளர்க்க முடியும். ராணியும் வேலைக்காரியும் ஒரே மாதிரி முட்டையில் இருந்துதான் வருகிறார்கள், கொடுக்கிற சாப்பாட்டில்தான் வித்தியாசம். ஏழாம் நாள் அந்த வயதுப் புழு ஒன்றுகூட மிச்சம் இல்லை. ஒரு அறையையாவது விட்டிருக்கலாம். முட்டையே இல்லாத அடையில் மூடிய ராணி அறைகள் தொங்கினால், பழைய ராணி போய்விட்டாள் என்று விளங்கியிருக்க வேண்டும். நான் முட்டையைத் தேடிப் பார்க்கவே இல்லை.

அடுத்த மாதம் வந்து பார்த்தப்போ அடை நிறைய மூடிய அறைகள். "பாரு, பெருகுது"ன்னு அப்பாவுக்குச் சந்தோஷம். ஆனால் மூடிகள் குமிழ் மாதிரி மேடாக இருந்தன, நடுவில் ஊசிமுனை அளவு ஓட்டை. நம்ம நாட்டுத் தேனீயில் அது ஆண்களின் அறைக்கு அடையாளம். திறந்த அறைகளில் ஒவ்வொன்றிலும் நாலைந்து முட்டை, சில சுவரில் ஒட்டிக்கொண்டு. ராணி அடியில் ஒன்றே ஒன்றுதான் வைப்பாள். இது வேலைக்காரிகள் இட்ட முட்டை.

வேலைக்காரித் தேனீ ஆணோடு சேருவதில்லை. சேராமல் இடும் முட்டையும் பொரிக்கும், ஆனால் அதில் ஆண் மட்டும்தான் வரும். அந்த ஆணுக்கு அப்பா கிடையாது, தாத்தா உண்டு. சியர்சோன் என்ற பாதிரியார் 1845இலேயே இதைச் சொன்னார். ஆண் தேனீ வேலை செய்யாது. ஆகவே எங்க பெட்டியில் பெருகியது சாப்பிடும் வாய்கள் மட்டுமே. தேன் கொண்டு வரத் தங்கச்சிகள் இல்லை.

அப்படியென்றால் மற்ற நாட்களில் அவர்கள் ஏன் முட்டை இடுவதில்லை? நான் கலைப்பீடம், உறவுமுறைப் பாடம் படிக்கிறவன், இது எனக்கு அந்தக் கணக்கு மாதிரியே பட்டது. ஆணிடம் ஒரே ஒரு தொகுதி மரபணுதான் இருக்கிறது. அதனால் ஒரே அப்பாவுக்குப் பிறந்த அக்கா தங்கச்சிகள் அவனுடைய பங்கை முழுசாகவும் அம்மாவின் பங்கில் பாதியையும் பகிர்கிறார்கள். மொத்தம் முக்கால். சொந்த மகளோடு அரைதான். அதனால்தான் மகளைப் பெறாமல் தங்கச்சியை வளர்க்கிறாள் என்பது 1964இல் ஹமில்டன் எழுதியதிலிருந்து பிரபலமான விளக்கம்.

அழகான கணக்கு, ஆனால் தேனீயிடம் இடிக்கிறது. ராணி பத்துக்கு மேற்பட்ட ஆண்களோடு சேருகிறாள். பெட்டிக்குள் பெரும்பாலானவர்கள் அப்பா வேறான தங்கச்சிகள், உறவு கால்தான். கரையானில் ஆண் பெண் இரண்டுக்குமே இரண்டு தொகுதி, அதுவும் கூட்டமாகத்தான் வாழ்கிறது.

கணக்கு நன்றாகப் பொருந்துவது ஆண்கள் விஷயத்தில். வேலைக்காரிக்குத் தன் மகன் அரை உறவு, ராணியின் மகனான தம்பி கால், அப்பா வேறான தங்கச்சியின் மகன் அரைக்கால். தன் முட்டை நல்லது, தம்பி பரவாயில்லை, மற்றவளின் மகன் வேண்டாம். ஆகவே ஒருத்தி களவாக முட்டை வைத்தால் இன்னொருத்தி தின்றுவிடுகிறாள். 1989இல் ரட்னீக்ஸும் விஷரும் ஐரோப்பியத் தேனீயில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ராணியின் முட்டைகள் தப்பின, வேலைக்காரிகளின் முட்டைகள் பெரும்பாலும் காணாமல் போயின. தியாகம் என்று சின்ன வகுப்பில் படித்ததில் பாதி காவல்தான்.

ராணியும் புழுவும் இல்லாத பெட்டியில் இனித் தம்பிகளும் வரப்போவதில்லை. காவல் தளர்கிறது, ஆளாளுக்கு முட்டை வைக்கிறார்கள். பெட்டி எப்படியும் சாகும். அதற்குள் ஒரு மகன் பறந்துபோய் வேறொரு கூட்டின் ராணியோடு சேர்ந்தால், அது மிச்சம்.

ஏப்ரல் கடைசியில் பகல் சாய்ந்த நேரத்தில் அந்த ஆண்கள் ஒவ்வொன்றாக வாசலில் இருந்து எழும்பி றப்பர் மரங்களுக்கு மேலே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேலைக்காரிகள் ஒரு கை அளவுகூட இல்லை. அடையில் மெழுகுப்பூச்சி விழுந்திருந்தது. அன்றைக்குத்தான் ஐந்து அறைகளையும் வெட்டியது நான் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பெட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்தார். "அடுத்த கூட்டம் வந்தா முட்டை இருக்கான்னு மொதல்ல பாரு" என்றார்.