பிந்திய பதில்

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது, பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட தேசங்களுக்கும் பகைவர் வசமிருந்த தேசங்களுக்கும் இடையே சாதாரணத் தபால் அற்றுப்போன நாட்களில், பிரிந்திருந்த குடும்பத்தவர் ஒருவரையொருவர் க்ஷேமம் விசாரிப்பதற்குச் செஞ்சிலுவைச் சங்கத்தார் ஒரு படிவத்தை வழங்கினார்கள். அதில் இருபத்தைந்து சொற்களுக்கு மேல் எழுதுதல் ஆகாது. குடும்பச் சமாசாரம் அல்லாத வேறெதையும் பிரஸ்தாபிக்கவும் கூடாது. ஜெனீவா வழியாகப் பல மாதங்கள் பிரயாணம் செய்து, தணிக்கைக்காரர் கைகளைக் கடந்து உரியவரிடம் சேரும் அந்தத் தாளின் மறுபக்கத்திலேயே, அதே இருபத்தைந்து சொற்களுக்குள், அவர் தம் பதிலை எழுதி அனுப்பவேண்டும். ஆதலால் அனுப்பியவர் ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துப் பதிலைக் காணும்போது, தாம் என்ன கேட்டிருந்தோம் என்பதை மறந்திருந்தாலும், தாளைத் திருப்பினால் தம் சொந்தச் சொற்களையே கண்டுகொள்வார்.

பிந்திய பதிலை எழுதும் வித்தை முழுவதும் அந்தப் படிவத்தில் அடங்கியிருக்கிறதென்பது என் அபிப்பிராயம். இருபத்தைந்து சொற்களுக்குள் எவரும் பிராயச்சித்தம் செய்துகொண்டிருக்க முடியாது. கேட்ட கேள்வியோ பின்புறத்திலேயே இருப்பதால் அதை விட்டு விலகவும் முடியாது. எங்கள் நாட்டிலும், தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பாதை அடைபட்டுக் கிடந்த காலத்தில், செஞ்சிலுவைத் தொண்டர்கள் உறை ஒட்டாத குடும்பச் செய்திகளைக் கொண்டுசென்றார்கள். பிந்துவது வழக்கமாகிப்போன அந்நாட்களில் பிந்தியதற்காக எவரும் எவரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. இன்று கடிதம் நொடியில் போய்ச் சேருவதனால்தான் தாமதம் குற்றமாகவும், குற்றம் நாணமாகவும், நாணம் மேலும் தாமதமாகவும் வளர்கிறது.

கல்கிசையில் எங்கள் ஒழுங்கையிலேயே குடியிருக்கும் ஓர் அம்மாள், ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆனி மாதத் தொடக்கத்தில் ஒருநாள் மாலை ஒரு கடித நகலோடு என்னிடம் வந்தார். கனடாவில் இருக்கும் அவருடைய மச்சாள் மார்கழியில் மூன்று காரியங்கள் கேட்டு எழுதியிருந்தாராம். தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போகிறீர்களா என்பது ஒன்று. ஆடிவேல் பார்க்க வரும்போது ஒரு மாதம் தங்குவதற்கு வெள்ளவத்தையில் அறை கிடைக்குமா என்பது இன்னொன்று. தம் தகப்பனாருடைய பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்று எடுத்துத்தர முடியுமா என்பது மூன்றாவது. ஆறு மாதமாகப் பதில் எழுதவில்லை. "இனி என்ன முகத்தோடை எழுதிறது, மாஸ்டர்? நீங்கள் ஒருக்கால் பாத்துத் திருத்தித் தாங்கோ" என்றார்.

நகலை வாசித்தேன். முதற்பக்கம் முழுவதும் மன்னிப்பு. காய்ச்சல், மகனுடைய பரீட்சை, வீட்டுக்கு வெள்ளையடித்தது, கைத்தொலைபேசி பழுதானது என்று நான்கு காரணங்கள் அணிவகுத்து நின்றன. ஒவ்வொன்றும் மெய்யாகவே நடந்திருக்கலாம். ஆனால் ஒரு காரணம் சொன்னால் நம்புகிறவர், நான்கைக் கேட்டால் ஐயுறத் தொடங்குகிறார் என்பது மனுஷ சுபாவம். கேட்ட மூன்று காரியங்களும் இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரே வரியில் ஒடுங்கிக் கிடந்தன. 'வசதிப்பட்டால் எழுதவும், இனி உடனுக்குடன் பதில் போடுவேன்' என்று கடிதம் முடிந்திருந்தது.

இக்கடிதத்தைப் பெறும் மச்சாளின் நிலைமையைச் சிந்தித்துப் பாருங்கள். ஆறு மாதம் காத்திருந்தவர் அவர். இப்பொழுது எழுதியவரைத் தேற்றும் பொறுப்பும் அவர்மீதே விழுகிறது. 'அதனாலென்ன, பரவாயில்லை' என்று எழுதுவதைத் தவிர அவருக்கு வேறு வேலையில்லை. அதை எழுதியதும் சம்பாஷணை அங்கேயே முடிந்துவிடும். வசதிப்பட்டால் எழுதும்படி கேட்கப்பட்ட எவருக்கும் அந்த வசதி இலேசில் வாய்ப்பதில்லை. இனி உடனுக்குடன் எழுதுவேன் என்ற வாக்குறுதியோ, அடுத்த தடவை பிந்தும்போது வெட்கத்தை இரட்டிப்பாக்குவதற்கு மட்டுமே உதவும்.

பழைய கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் எது இன்னும் உயிரோடிருக்கிறது, எது காலாவதியாகிவிட்டது என்று இருவரும் பிரித்தோம். பொங்கல் போய்விட்டது, அதற்குப் பதில் வேண்டியதில்லை. அறையும் சான்றிதழும் இன்னும் தேவையானவை. அறை விஷயத்தில், எழுதுவதற்கு முன்னமே ஏதாவது செய்துவிட்டு எழுதுங்கள் என்றேன். பிந்தியவர் வெறுங்கையோடு போகலாகாது என்பது என் கொள்கை. அம்மாள் மறுநாள் வெள்ளவத்தைக்குப் போய் விசாரித்து வந்தார். கடிதம் பின்வருமாறு அமைந்தது:

'அன்புள்ள மச்சாள், உங்கள் மார்கழிக் கடிதத்துக்கு இப்போதுதான் எழுதுகிறேன், பிந்தியதற்கு மன்னியுங்கள். ஆடிவேலுக்கு ஒரு மாத அறை கேட்டிருந்தீர்கள். இராமகிருஷ்ண வீதிப் பக்கம் ஒரு வீட்டில் மேல்மாடி அறை இருக்கிறது, குளியலறை தனி. வீட்டுக்காரர் 15ஆம் திகதி வரை வேறொருவருக்குக் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார். வேண்டுமா என்று அதற்கு முன் ஒரு சொல் எழுதுங்கள். மாமாவின் பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம். பழைய பிரதி ஏதும் உங்களிடம் இருந்தால் அதிலுள்ள பதிவு இலக்கத்தை அனுப்புங்கள், தேடுவது இலகுவாகும்.'

மன்னிப்பு இரண்டே சொல். அதுவும் முதல் வாக்கியத்தோடு சரி. மச்சாள் கேட்டது அவருடைய சொற்களிலேயே திரும்ப எழுதப்பட்டிருப்பதால், அவர் தம் பழைய கடிதத்தைத் தேடி எடுக்கவேண்டியதில்லை. கேள்விகள் இரண்டும் யோசனையின்றி ஒரு வரியில் பதில் சொல்லத்தக்கவை. ஒன்றுக்குத் தவணையும் உண்டு. வாட்ஸ்அப்பில் எழுதுவோருக்கு இது இன்னும் சுலபம்: பழைய செய்தியை விரலால் வலப்புறம் இழுத்துவிட்டு எழுதினால், பதிலின் தலைமேல் அந்தச் செய்தியும் ஏறிக்கொள்ளும். ஜெனீவாப் படிவத்தின் மறுபக்கம் இப்படி முன்பக்கத்துக்கு வந்துவிட்டதென்று சொல்லலாம்.

மச்சாளின் பதில் இரண்டாம் நாளே வந்தது. அறை வேண்டும் என்றும், பதிவு இலக்கம் இது என்றும், படி ஏறுவது கஷ்டமாயிருக்குமா என்றும் மூன்று வரிகள். மார்கழியைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

இந்த முறை எல்லாவிடத்தும் செல்லாது. நம் தாமதத்தால் மற்றவருக்கு நஷ்டம் நேர்ந்திருந்தால், உதாரணமாக அந்த அறை அவருக்குத் தேவைப்பட்ட மாதம் கடந்துபோயிருந்தால், இரண்டு சொல் போதாது. எந்த நஷ்டம் என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதில் எவ்வளவை ஈடுசெய்ய முடியும் என்பதையும் எழுதவேண்டும். அப்பொழுதும் பேசவேண்டியது அவருடைய நஷ்டத்தைப் பற்றியே அன்றி நம்முடைய மனவேதனையைப் பற்றியன்று. மரணச் செய்திக்குப் பிந்தி எழுதும் அநுதாபக் கடிதமோ முற்றிலும் வேறு ஜாதி. அதில் கேள்வியே கூடாது. எப்படி நடந்தது என்று மாதங்கள் கழித்துக் கேட்பது, ஆறத் தொடங்கிய புண்ணைக் கிளறுவதாகும். இறந்தவரைப் பற்றி நமக்கு நினைவிலுள்ள ஒரு சம்பவத்தை எழுதி, பதில் எழுதவேண்டாம் என்றும் சொல்லிவிடுவதே மரியாதை.

இவ்வளவும் செய்த பின்னரும் பதில் வராதிருக்கலாம். காத்திருந்து சலித்தவருக்கு மௌனமாயிருக்கும் உரிமை உண்டு. அத்தகைய சமயத்தில் இரண்டாவது மன்னிப்பொன்றை அனுப்புவதால் பயனில்லை. அவர் கேட்ட காரியத்தைச் செய்து முடித்து, முடிந்ததென்பதை ஒரு வரியில் தெரிவித்துவிட்டுச் சும்மா இருப்பதே தகும்.